விசைப்பலகை மறைவது எதனால்? கைப்பேசித் தட்டச்சுக் கோளாறைப் படிப்படியாகக் கண்டறிதல்

மாணவர் பெயர், பெற்றோர் பெயர், முகவரி, மதிப்பீட்டுக் குறிப்பு என இன்று ஓர் ஆசிரியர் கைப்பேசியில் தட்டச்சு செய்யும் தமிழ் கொஞ்சமல்ல. அந்த வேலையின் நடுவே விசைப்பலகை தொல்லை தருவதை நம்மில் பலரும் பார்த்திருப்போம். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற இரண்டு விநாடி ஆகிறது. அல்லது விசைகள் தெரிகின்றன, தட்டினால் எதுவும் நடப்பதில்லை. அல்லது விசைப்பலகையே கீழே இறங்கி மறைந்துவிடுகிறது. பெரும்பாலும் இது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. குறிப்பிட்ட சில செயலிகளில் மட்டுமே நடப்பதாகத் தோன்றுகிறது.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்வது கைப்பேசியை அணைத்துப் போடுவது, பிறகு அந்தச் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது. சில நேரம் சரியாகும், சில நேரம் ஆகாது. செயலியை நீக்கும்போது இன்னும் அனுப்பப்படாத பதிவுகள் அதோடு போய்விடுவதும் உண்டு. எனவே கோளாறு எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, அதன் பிறகு கை வைப்பதே முறை. அதற்கான படிகளைத் திருத்தணிப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் நடந்த இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு கைப்பேசியே நம்மிடம் மிகுதி என்பதால் படிகள் அதற்கானவை. ஐபோனுக்குரிய வேறுபாடு ஓரிடத்தில் சொல்லப்பட்டுள்ளது.

ஓர் எழுத்து திரைக்கு வரும் வழி

விசைப்பலகை கைப்பேசியின் ஒரு பகுதி என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அதுவும் ஒரு தனிச் செயலி. ஜிபோர்டு, சாம்சங் விசைப்பலகை, ஸ்விஃப்ட்கீ, செல்லினம் ஆகியவை அப்படிப்பட்ட செயலிகள். நாம் பெயரை நிரப்பும் பதிவுச் செயலி இன்னொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஆண்ட்ராய்டு இயங்குதளம் இருந்து செய்தியைக் கடத்துகிறது.

ஒரு பெட்டியைத் தொட்டவுடன் பதிவுச் செயலி, இந்தப் பெட்டிக்கு என்ன வகை எழுத்து வேண்டும் என்று தெரிவிக்கிறது. கைப்பேசி எண் பெட்டி என்றால் எண் விசைகள் மட்டும் வருகின்றன. கடவுச்சொல் பெட்டி என்றால் சொற்பரிந்துரை வருவதில்லை. பெயர், குறிப்பு போன்ற சாதாரணப் பெட்டி என்றால் விசைகளுக்கு மேலே மூன்று சொற்கள் பரிந்துரையாக வருகின்றன. ஆகவே ஒரே விசைப்பலகை வெவ்வேறு பெட்டிகளில் வெவ்வேறு வேலையைச் செய்கிறது. சாதாரணப் பெட்டியில்தான் அதற்கு வேலை அதிகம். நீங்கள் தட்டிய எழுத்துகளை உடனே ஒப்படைத்துவிடாமல், சொல் முடியும்வரை அடிக்கோட்டுடன் தற்காலிகமாக வைத்திருக்கும்; சொற்பட்டியலில் தேடும்; ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறை என்றால் ஒவ்வொரு தட்டுக்கும் மாற்றி எழுதும்.

இதிலிருந்து தெரிவது, கோளாறுக்கு மூன்று இடங்கள் உண்டு என்பதாகும். விசைப்பலகைச் செயலி ஒன்று, எழுதப்படும் செயலி இரண்டு, இவற்றைத் தாங்கும் கைப்பேசியும் இயங்குதளமும் மூன்று. இந்த மூன்றில் எது என்று அறியாமல் ஒன்றின் தற்காலிகச் சேமிப்பை அழிப்பது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது போலத்தான்.

மூன்று கேள்விகள்

கண்டறிய மூன்று கேள்விகள் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அறிவியல் பாடத்தில் சோதனையை விளக்கும்போது மாணவர்களுக்கு நாம் சொல்லும் அதே விதிதான்.

முதல் கேள்வி: இடத்தை மாற்றினால் என்ன ஆகிறது? அதே விசைப்பலகை, அதே மொழி, அதே சொற்றொடர். இதைப் பதிவுச் செயலியில் தட்டாமல் கைப்பேசியின் குறுஞ்செய்திப் பெட்டியில் தட்டிப் பாருங்கள். அங்கும் கோளாறு வந்தால் விசைப்பலகையோ கைப்பேசியோ காரணம். அங்கே வராவிட்டால் பதிவுச் செயலியின் மீது ஐயம் திரும்புகிறது.

இரண்டாம் கேள்வி: விசைப்பலகையை மாற்றினால் என்ன ஆகிறது? பதிவுச் செயலியின் அதே பெட்டிக்கு வந்து, வேறொரு விசைப்பலகையால் அதே சொற்றொடரைத் தட்டுங்கள். கோளாறு போய்விட்டால் முதல் விசைப்பலகைக்குள் ஏதோ இருக்கிறது. போகவில்லை என்றால் செயலியே காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாம் கேள்வி: மொழியையோ பெட்டியையோ மாற்றினால் என்ன ஆகிறது? ஆங்கிலத்தில் தட்டினால் நிற்கிறதா? எண் பெட்டியில் நிற்கிறதா? இந்தக் கேள்விதான் விசைப்பலகைக்குள் எந்தப் பகுதி பழுது என்று காட்டும்.

முதல் நிகழ்வு: "அந்தச் செயலியில் மட்டும்தான் சார்"

திருத்தணிப் பகுதி 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் இன்றும் இங்கு உண்டு. ஆசிரியர்களிலும் அப்படித்தான். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் விசைப்பலகையில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என மூன்று மொழிகளும் இருந்தன. எட்டாம் வகுப்பு மாணவர் பெயர்களைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை அவருடையது. பெயர்ப் பெட்டியில் இரண்டு மூன்று எழுத்து தட்டியதும் விசைப்பலகை மறைந்துவிடும். பெட்டியை மறுபடி தொட்டால் வரும். மீண்டும் இரண்டு எழுத்தில் மறையும்.

"வேற எதுலயும் இந்தப் பிரச்சினை இல்லை சார், அந்தச் செயலியில மட்டும்தான். அதை எடுத்துட்டுத் திரும்பப் போடலாம்னு இருக்கேன்" என்றார்.

நீக்குவதற்கு முன் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொன்னேன். குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து "மலைக்கோயில் படிகள்" என்று தமிழில் தட்டச் சொன்னேன். மூன்றாவது எழுத்தில் விசைப்பலகை மறைந்தது. அவருக்கே வியப்பு. பிறகுதான் காரணம் புரிந்தது. அவர் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பும் செய்திகளை ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ தட்டுவார். தமிழில் அனுப்ப வேண்டியதைக் குரல்பதிவாக அனுப்புவார். தமிழைக் கையால் தட்டுவது பதிவுச் செயலியில் மட்டும்தான். அதனால் கோளாறு அந்தச் செயலியில் மட்டும் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது.

இது கவனிக்க வேண்டிய இடம். "சில செயலிகளில் மட்டும்" என்று நாம் சொல்லும்போது, பல நேரங்களில் அந்தச் செயலிகளில் நாம் செய்யும் ஏதோ ஒரு தனி வேலையைத்தான் குறிப்பிடுகிறோம். வேலையை வேறிடத்தில் செய்து பார்க்காதவரை செயலியைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்து இரண்டாம் கேள்வி. பதிவுச் செயலியின் அதே பெயர்ப் பெட்டியில், கைப்பேசியோடு வந்த வேறொரு விசைப்பலகைக்கு மாற்றித் தமிழில் தட்டினோம். மறையவில்லை. எனவே செயலி குற்றமற்றது. பழுது முதல் விசைப்பலகையில்.

மூன்றாம் கேள்வி. முதல் விசைப்பலகைக்கே திரும்பி, ஆங்கிலத்தில் தட்டினோம், நின்றது. தெலுங்கில் தட்டினோம், நின்றது. தமிழில் மட்டும் மறைந்தது. பிறகு விசைப்பலகையின் அமைப்பில் சொற்பரிந்துரையை நிறுத்திவிட்டுத் தமிழில் தட்டினோம். நின்றது! ஆக, விசைகள் நன்றாகவே இருக்கின்றன. தமிழ்ச் சொற்பரிந்துரைக்கான பகுதியைத் தொடும்போதுதான் விசைப்பலகைச் செயலி நின்றுபோகிறது. அது நின்றுபோவதைத்தான் மறைவதாக நாம் காண்கிறோம்.

இப்போது மருந்து. முதலில் விசைப்பலகையின் தற்காலிகச் சேமிப்பை அழித்தோம். சரியானது, ஆனால் மறுநாள் மீண்டும் வந்தது. அழித்த பின் திரும்பி வரும் கோளாறுக்கு வேறொரு வேர் இருக்கும். கைப்பேசியின் சேமிப்பைப் பார்த்தோம். 32 ஜிபியில் மிச்சம் 1 ஜிபிகூட இல்லை. ஆண்டு விழா காணொலிகள் இரண்டு குழுக்களிலிருந்து இறங்கி நிறைந்து கிடந்தன. சொற்பட்டியல் கோப்பை முழுமையாக எழுத இடமில்லாமல் அது அரைகுறையாகக் கிடந்திருக்கலாம் என்று கருதி, காணொலிகளைக் கணினிக்கு மாற்றி 4 ஜிபி அளவு இடம் ஏற்படுத்தினோம். விசைப்பலகையின் மொழிப் பட்டியலிலிருந்து தமிழை நீக்கி மீண்டும் சேர்த்தோம். தமிழுக்கான கோப்பு புதிதாக இறங்கியது. சொற்பரிந்துரையை மீண்டும் இயக்கினோம். அதன் பின் விசைப்பலகை மறையவில்லை. பதிவுச் செயலியை யாரும் தொடவே இல்லை.

தற்காலிகச் சேமிப்பை அழிப்பதும் தரவை அழிப்பதும்

ஜிபோர்டை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அழிக்கும் வழி இது:

```
Settings > Apps > See all apps > Gboard
> Storage & cache > Clear cache
```

சாம்சங் கைப்பேசியில் `Apps` என்பதில் `Samsung Keyboard`, பிறகு `Storage`, பிறகு `Clear cache`. பெயர்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி சற்று மாறும். ஆனால் செயலியின் பெயரைத் தொட்டதும் அதன் சேமிப்புப் பகுதி வரும் என்பது எல்லாவற்றிலும் பொது.

`Clear cache` என்ற பொத்தானின் பக்கத்திலேயே `Clear storage` அல்லது `Clear data` என்று இன்னொன்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் தொடக்கூடாது. தற்காலிகச் சேமிப்பு என்பது செயலி வேகமாக வேலை செய்வதற்காகத் தானே செய்து வைத்துக்கொண்ட நகல்கள். இடம் குறைந்தால் இயங்குதளமே அதைத் துடைத்துவிட உரிமை உண்டு. எனவே அழித்தால் எதுவும் இழப்பில்லை. முதல் சில நிமிடம் சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

தரவை அழிப்பது அப்படியல்ல. விசைப்பலகையில் அதைச் செய்தால், நீங்கள் சேர்த்த மொழிகள், தேர்ந்த விசை அமைப்பு, அது உங்களிடமிருந்து கற்ற சொற்கள் எல்லாம் போகும். பள்ளியின் ஊர்ப் பெயரும் மாணவர் பெயர்களும் இரண்டு எழுத்திலேயே பரிந்துரையாக வந்தது நின்றுவிடும். மொழிக் கோப்புகளை மீண்டும் இறக்க இணையமும் வேண்டும். செய்யக்கூடாதது அல்ல; ஆனால் கடைசியில் செய்ய வேண்டியது.

பதிவுச் செயலியில் தரவை அழிப்பது இன்னும் கவனத்துக்குரியது. இணையம் இல்லாத நேரத்தில் நாம் நிரப்பிய வருகையோ மதிப்பீடோ, மையக் கணினிக்குப் போகும்வரை அந்தத் தரவுப் பகுதியில்தான் காத்திருக்கும். மலையடிவாரப் பள்ளிகளில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இப்படிக் காத்திருப்பவை பல இருக்கலாம். தரவை அழித்தால் அவையும் அழியும். செயலியை நீக்கினாலும் அதே நிலைதான். எனவே அதைத் தொடும் முன், நிலுவைப் பதிவுகள் எல்லாம் அனுப்பப்பட்டுவிட்டன என்று செயலியிலேயே பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதே பக்கத்தில் `Force stop` என்ற பொத்தானும் உண்டு. உறைந்துபோன விசைப்பலகையை எழுப்ப இது உதவும். ஆனால் பயன்பாட்டில் உள்ள விசைப்பலகையை இப்படி நிறுத்தினால், இயங்குதளம் வேறொரு விசைப்பலகையை இயல்பாக்கிக்கொள்ளக்கூடும். "அழித்த பிறகு விசைப்பலகை மாறிவிட்டது" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். மீண்டும் பழையதைத் தேர்ந்தால் போதும்.

ஐபோனில் விசைப்பலகையின் தற்காலிகச் சேமிப்பை மட்டும் அழிக்கும் பொத்தான் இல்லை. அங்கே `Settings > General > Transfer or Reset iPhone > Reset > Reset Keyboard Dictionary` என்ற வழி உண்டு. அது விசைப்பலகை கற்ற சொற்களை மட்டும் நீக்குகிறது.

விசைப்பலகையை மாற்றும் முறை

இரண்டாம் கேள்வியைக் கேட்கக் கைவசம் இரண்டாவது விசைப்பலகை இருக்க வேண்டும். சில கைப்பேசிகளில் நிறுவனத்தின் விசைப்பலகை ஒன்றும் ஜிபோர்டும் ஏற்கெனவே இருக்கும். அவற்றை இயக்கும் வழி:

```
Settings > System > Languages & input
> On-screen keyboard > Manage on-screen keyboards
```

புதிய பதிப்புகளில் `System` என்பதன் கீழ் `Keyboard` என்று தனியாக இருக்கும். இயக்கிய பின், தட்டச்சு செய்யும்போது திரையின் கீழ் மூலையில் தோன்றும் சிறிய விசைப்பலகைப் படத்தைத் தொட்டால் பட்டியல் வரும், அதில் மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசியோடு வந்த விசைப்பலகையை ஒருபோதும் முழுவதும் முடக்கிவிடாதீர்கள். வேறொன்று பழுதாகும் நாளில் கடவுச்சொல் தட்டக்கூட அதுதான் துணை.

புதிதாக ஒன்றை நிறுவி இயக்கும்போது, நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், கடவுச்சொல் உட்பட, இந்த விசைப்பலகை திரட்டக்கூடும் என்ற எச்சரிக்கை திரையில் வரும். அது வெறும் சடங்கு அல்ல. 2017 டிசம்பரில் ஏ.ஐ.டைப் என்ற விசைப்பலகைச் செயலியைப் பயன்படுத்திய 3 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள், கடவுச்சொல் பாதுகாப்பே இல்லாத ஒரு தரவுத்தளத்தில் கிடந்தது வெளியானது. நாம் தட்டுவது நமது விவரம் மட்டுமல்ல. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோரின் கைப்பேசி எண். ஆகவே சோதனைக்காக என்றாலும், அழகான வண்ணம் தரும் அறிமுகமில்லாத விசைப்பலகை வேண்டாம்.

இரண்டாம் நிகழ்வு: இரண்டு விசைப்பலகையிலும் அதே கோளாறு

இன்னோர் ஆசிரியருக்கு வேறுவிதமான சிக்கல். ஒரு செயலியின் குறிப்புப் பெட்டியில் "கணக்கு" என்று தட்டினால் "ககணக்கு" என்று எழுத்து இரட்டிக்கும், சில நேரம் எழுத்து விழுங்கப்படும், தாமதமும் உண்டு. குறுஞ்செய்தியில் சரியாக இருந்தது. விசைப்பலகையை மாற்றினோம், அதே கோளாறு. தற்காலிகச் சேமிப்பை இரண்டு பக்கமும் அழித்தோம், மாற்றமில்லை. ஆங்கிலத்தில் தட்டினால் தாமதம் மட்டும் இருந்தது, எழுத்து இரட்டிக்கவில்லை.

இங்கே மூன்று கேள்விகளின் விடையும் செயலியையே காட்டுகின்றன. சில செயலிகளின் பக்கங்கள் உண்மையில் உள்ளே திறக்கப்படும் இணையப் பக்கங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் பெட்டியில் உள்ளதைச் சரிபார்த்துத் திரும்ப எழுதும்படி அந்தப் பக்கம் அமைக்கப்பட்டிருந்தால், விசைப்பலகை அடிக்கோட்டுடன் பிடித்து வைத்திருக்கும் முடியாத சொல் நடுவிலேயே குலைந்துவிடும். தமிழில் ஓர் எழுத்தைப் பல தட்டுகளால் கட்டுவதால் பாதிப்பு அதிகம் தெரிகிறது. இதை நம் கையால் சரிசெய்ய இயலாது. குறிப்பை வேறிடத்தில் தட்டி, நகலெடுத்து அந்தப் பெட்டியில் ஒட்டினோம். ஒரே முறை எழுதப்படுவதால் எழுத்து குலையவில்லை. பிறகு செயலியின் உதவிப் பிரிவுக்கு, கைப்பேசி வகை, ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தப் பெட்டி, எந்தச் சொல், இரண்டு விசைப்பலகையிலும் வருகிறது என்ற விவரங்களோடு எழுதினோம். "தட்டச்சு வரவில்லை" என்று மட்டும் எழுதினால் பெறுபவருக்கு ஒன்றும் புரியாது.

இணையப் பக்கத்தை உள்ளே திறந்துகாட்டும் வேலையைச் செய்வது `Android System WebView` என்ற இயங்குதளப் பகுதி. இதுவே மூன்றாவது இடத்தில் வரும் பழுதுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 மார்ச் 22, 23 தேதிகளில் இதன் பழுதான ஒரு புதுப்பிப்பால் ஜிமெயில் உள்ளிட்ட பல செயலிகள் உலகெங்கும் திறந்தவுடன் மூடிக்கொண்டன. தனித்தனிச் செயலிகளின் தற்காலிகச் சேமிப்பை அழித்தும் நீக்கியும் பயனில்லை. இந்தப் பகுதியையும் குரோமையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்த பிறகே சரியானது. தொடர்பில்லாத பல செயலிகளில், ஒரே நாளில், உள்ளே திறக்கும் பக்கங்களில் மட்டும் கோளாறு வந்தால் இதைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இன்னொரு எளிய காரணத்தையும் விட்டுவிடக்கூடாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் புளூடூத் விசைப்பலகையைக் கைப்பேசியோடு இணைத்திருந்தால், கைப்பேசி அதையே பயன்படுத்துவீர்கள் என்று கருதித் திரை விசைப்பலகையை மறைத்துவிடும். புளூடூத்தை அணைத்தால் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் `Physical keyboard` பகுதியில் `Use on-screen keyboard` என்பதை இயக்கலாம்.

மாற்றிய பின் பெயரைச் சரிபார்த்தல்

விசைப்பலகையை மாற்றித் தட்டிய பெயர்களில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து, கணினிக்கு இரண்டு வேறு எழுத்தாக இருக்கலாம்.

கௌசல்யா என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முறையான "கௌ" என்பது ககரமும் ஔகாரக் குறியும் சேர்ந்தது. பழகாத விசைப்பலகையில் ஔகாரக் குறி எங்கிருக்கிறது என்று தெரியாமல், எகரக் குறியிட்டு ளகரத்தைச் சேர்த்துக் "கெள" என்று பலர் தட்டிவிடுகிறோம். அச்சில் வேறுபாடு தெரியாது. ஆனால் பட்டியலில் தேடினால் அந்தப் பெண் கிடைக்கமாட்டாள். அகரவரிசையிலும் இடம் மாறுவாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ்வரை அந்தப் பிழை போகக்கூடும்.

கண்டறிய எளிய வழி உண்டு. எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து அழிக்கும் விசையை ஒரு முறை தட்டுங்கள். "க" என்று மிஞ்சினாலோ எழுத்து முழுவதும் போனாலோ சரி. "கெ" என்று மிஞ்சினால் தவறாகத் தட்டப்பட்டுள்ளது. அழித்துவிட்டு மீண்டும் தட்டுங்கள்.

ஸ்ரீ என்ற எழுத்தும் அப்படித்தான். ஸகரத்தைக் கொண்டும், ஶகரத்தைக் கொண்டும் என இருவகையில் அது ஒருங்குறியில் எழுதப்படுகிறது, வடிவம் ஒன்றே. ஒரு விசைப்பலகை ஒருவகையையும் மற்றொன்று மறுவகையையும் தரலாம். ஸ்ரீதர், ஸ்ரீவள்ளி போன்ற பெயர்கள் தேடலில் கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்று முடிவு செய்து புதிதாகச் சேர்த்துவிடாமல், பெயரின் பிற்பகுதியைக் கொண்டோ மாணவரின் எண்ணைக் கொண்டோ தேடுங்கள். இல்லையென்றால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு உண்டாகிவிடும்.

பள்ளியில் செய்து பார்க்க

குறுவளமையக் கூட்டத்திலோ பள்ளி ஆசிரியர் கூட்டத்திலோ அரைமணி நேரத்தில் இதைச் செய்யலாம். ஒவ்வொருவரும் தம் கைப்பேசியில் இரண்டாவது விசைப்பலகை ஒன்றை இயக்கி, தமிழைச் சேர்த்து, இரண்டுக்கும் இடையே மாறப் பழகட்டும். ஒரே சொற்றொடரைக் குறுஞ்செய்திப் பெட்டியிலும் தாம் பயன்படுத்தும் பதிவுச் செயலியிலும் இரண்டு விசைப்பலகையாலும் தட்டிப் பார்த்து, பதிவுச் செயலியில் சேமிக்காமல் வெளியேறட்டும். கோளாறு உள்ளவர்களின் விடையைக் கீழ்க்காணுமாறு கரும்பலகையில் எழுதி, காரணத்தைக் குழுவாகச் சொல்லட்டும்.

- எல்லாச் செயலியிலும் வருகிறது, விசைப்பலகையை மாற்றினால் போகிறது: விசைப்பலகையின் தற்காலிகச் சேமிப்பை அழித்து, அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு மொழியில் மட்டும் என்றால் அந்த மொழியை நீக்கிச் சேர்க்க வேண்டும்.
- ஒரு செயலியில் மட்டும், ஒரு விசைப்பலகையில் மட்டும் வருகிறது: இரண்டின் தற்காலிகச் சேமிப்பையும் அழித்துப் புதுப்பிக்கலாம், அதுவரை மற்ற விசைப்பலகை.
- ஒரு செயலியில் மட்டும், எல்லா விசைப்பலகையிலும் வருகிறது: செயலியைப் புதுப்பித்துப் பார்க்கலாம், தொடர்ந்தால் வேறிடத்தில் தட்டி ஒட்டி, உதவிப் பிரிவுக்கு எழுத வேண்டும்.
- எல்லாச் செயலியிலும், எல்லா விசைப்பலகையிலும் வருகிறது: சேமிப்பு இடம், புளூடூத், இயங்குதளப் புதுப்பிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- அழித்தபின் சில நாளில் திரும்பி வருகிறது: மீண்டும் மீண்டும் அழிக்காமல், மிச்சமுள்ள சேமிப்பு இடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த ஐந்து வரிகளையும் ஒரு தாளில் எழுதி, பதிவு வேலை நடக்கும் அறையில் ஒட்டி வைத்தால் போதும். `Clear storage` என்ற பொத்தானைத் தொடும் முன் நிலுவைப் பதிவுகளை அனுப்பிவிட வேண்டும் என்பதை அதன் கீழே சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.